நள்ளிரவுக்குப் பின் வருகிறவர் எந்த இரவுக்கு ரூம் கேட்க வேண்டும்?

கேள்வி: நானும் அம்மாவும் வெளியூர் போகிறோம். ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில், புக்கிங் தளம் வழியாக, அக்டோபர் 15 முதல் 17 வரை ரூம் போட்டேன். விமானம் 15-ஆம் தேதி இரவு 12:40-க்கு இறங்குகிறது. அப்புறம்தான் பார்த்தேன், அங்கே ரிசப்ஷனை இரவு 10 மணிக்கு மூடிவிடுவார்களாம். அவசரத்தில் 'ஒருவர்' என்று வேறு போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். "தகவலுக்கு நன்றி, உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்" என்று ஒரே ஒரு வரி வந்தது. ரூம் இருக்கிறதா, கதவைத் திறப்பார்களா, ஒன்றும் புரியவில்லை. மறுபடி எழுதினால் தொல்லை என்று நினைப்பார்களோ? எப்படி எழுதுவது? — ஒரு வாசகி

பதில்: மறுபடி எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள். விடுதிகளின் வரவேற்பு மேசையிலும் புக்கிங் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது செய்தி தெளிவாக இருந்தால் அதை யாரும் தொல்லை என்று நினைப்பதில்லை. விடிகாலையில் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் நிற்பதுதான் அவர்களுக்கும் பெரிய தொல்லை.

எழுதுவதற்கு முன்னால் டிக்கெட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நீங்கள் வரிசையாகச் சொன்ன சிக்கல்களில், எல்லாவற்றையும்விடப் பெரியது இல்லை. டிக்கெட்டில் '15 அக்டோபர், 00:40' என்று இருந்தால், நீங்கள் இறங்குவது 14-ஆம் தேதி ராத்திரி கழிந்து 15 பிறந்த நாற்பதாவது நிமிடத்தில். உங்கள் புக்கிங்கோ 15-ஆம் தேதி மதியம்தான் தொடங்குகிறது. பெரும்பாலான இடங்களில் ரூம் கொடுக்கும் நேரம் பிற்பகல் 2 மணி, அல்லது அதை ஒட்டி. அதாவது நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது உங்கள் பெயரில் ரூமே கிடையாது. அது கிடைக்க இன்னும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ரிசப்ஷன் 10 மணிக்கு மூடுவது இதற்கு அடுத்த பிரச்சினைதான்.

இந்தத் தவறு ரொம்ப சகஜம். விமானத்தை நாம் தேதியால் கணக்குப் பண்ணுகிறோம். விடுதிகள் இரவால் கணக்குப் பண்ணுகின்றன. ஒரு புக்கிங்கில் '15 முதல் 17' என்றால் 15-ஆம் தேதி இரவும் 16-ஆம் தேதி இரவும் உங்களுடையவை, 17 காலை கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். நள்ளிரவு தாண்டி விடியும் முன் வருகிறவர் முந்தைய நாளின் இரவில்தான் படுக்கப் போகிறார். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 14-ஆம் தேதி இரவு.

ஒருவேளை டிக்கெட்டில் '16 அக்டோபர், 00:40' என்று இருந்து, நீங்கள் பேச்சுவழக்கில் 15-ஆம் தேதி இரவு என்று எழுதியிருந்தால் உங்கள் தேதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது வேறொரு ஆபத்து உண்டு. விடுதிகளில் ஒவ்வொரு ராத்திரியும் அன்றைய கணக்கை முடிப்பார்கள். சில இடங்களில் நள்ளிரவில், சில இடங்களில் விடிகாலை 2 அல்லது 3 மணிக்கு. அந்த நேரம் வரை வராதவர்களை 'நோ-ஷோ' என்று குறித்துவிடுவார்கள். அப்படிக் குறித்தால் முதல் இரவுக்கான பணம் போவதோடு நிற்காது. மீதி இரவுகளும் ரத்தாகி, ரூம் மறுபடி விற்பனைக்குப் போய்விடலாம். முன்பணமே கட்டியிருந்தாலும் இது நடக்கும். "தாமதமாக வருவோம், ஆனால் கட்டாயம் வருவோம்" என்று எழுத்தில் சொல்லி, அவர்கள் அதற்குப் பதில் தந்திருந்தால்தான் பாதுகாப்பு. உங்கள் கடிதத்தைப் படித்த வரை முதல் வகைதான் என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

சரி, முதல் செய்திக்கு ஏன் அப்படி ஒரு பதில் வந்தது? சின்ன கெஸ்ட் ஹவுஸில் செய்தியைப் படிப்பவர் ஒருவர், ராத்திரி கதவைத் திறப்பவர் இன்னொருவர், ரூம் தயார் பண்ணுபவர் மூன்றாமவர். நீங்கள் எழுதிய நீளமான செய்தி அந்த மூன்று பேரிடமும் முழுசாகப் போவதில்லை. படிப்பவர் அதைச் சுருக்கி, வருகைப் பதிவேட்டிலோ கம்ப்யூட்டரின் குறிப்புக் கட்டத்திலோ ஒரு வரி எழுதுவார். கதவைத் திறப்பவருக்குத் தெரிவது அந்த ஒரு வரி மட்டும். உங்கள் செய்தியில் மன்னிப்பும் விளக்கமும் முன்னால் நின்று, தேதியும் நேரமும் நடுவில் புதைந்திருந்தால் அந்த வரி 'லேட்டாக வருவார்' என்று முடிந்துவிடும். எந்த இரவு, எத்தனை மணி, எத்தனை பேர் என்பது அதில் இருக்காது. உங்கள் புக்கிங் 15 என்று இருப்பதால், 'லேட்' என்பதை அவர்கள் 15-ஆம் தேதி ராத்திரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் நீங்கள் வந்து நிற்கும் நேரத்துக்கும் அவர்கள் எதிர்பார்க்கும் நேரத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் வித்தியாசம்.

எனவே அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். '14 இரவு (15 விடிகாலை) 2:00–2:45, 2 பேர், தரைத்தளம், 17 காலை செக்-அவுட்.' இதை யார் எடுத்து எழுதினாலும் பிசகாது. இதில் '14 இரவு' என்றும் '15 விடிகாலை' என்றும் இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் முக்கியம். ஒன்றை மட்டும் சொன்னால், படிப்பவர் தன் வழக்கப்படி ஒரு நாளைக் கூட்டிக்கொள்வார் அல்லது கழித்துக்கொள்வார். கிழமையும் தெரிந்தால் போடுங்கள். தேதியில் எழுத்துப் பிழை நேர்ந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். '15-ஆம் தேதி இரவு 12:40' என்ற சொல்லாட்சியை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். 24 மணி நேரக் கணக்கில் 00:40 என்று எழுதுங்கள்.

அடுத்து நேரம். விமானம் இறங்கும் நேரத்தை வருகை நேரமாகச் சொல்லிவிடுவது எல்லோரும் செய்வது. கதவருகே காத்திருப்பவருக்கு அது பயன்படாது, அவருக்குத் தேவை வாசலுக்கு நீங்கள் வரும் நேரம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 00:40-க்குச் சக்கரம் தரையைத் தொடுகிறது. விமானம் நின்று, கதவு திறந்து, உள்ளே நடந்து, பாஸ்போர்ட் சோதனை இருந்தால் அதையும் முடித்து, பெட்டி வந்து வெளியே வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரால் வேகமாக நடக்க முடியாது. சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அது வரவும் சற்று நேரமாகும். ஆக 1:40. அங்கிருந்து விடுதிக்கு வண்டியில் அரை மணி என்றால் 2:10. இதைச் சுற்றி ஒரு இடைவெளி கொடுத்து '2:00 முதல் 2:45-க்குள்' என்று எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பயண தூரம் வேறாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றை நேரம் சொன்னால் பத்து நிமிடம் தாண்டியதுமே காத்திருப்பவருக்குச் சந்தேகம் வரும். 'நள்ளிரவுக்கு மேல்' என்று மொட்டையாகச் சொன்னால் அவர் எப்போது எழுந்திருப்பது என்றே தெரியாது. முக்கால் மணி நேர இடைவெளி இரண்டுக்கும் நடுவில் நியாயமாக இருக்கும். விமான எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், தாமதமானால் அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். வேறு நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் 'உங்கள் ஊர் நேரப்படி' என்ற மூன்று சொற்கள் விட்டுப்போகக் கூடாது.

இனி 14-ஆம் தேதி இரவை எப்படிக் கேட்பது? 'சீக்கிரம் செக்-இன் தர முடியுமா' என்று கேட்பவர்கள் உண்டு. காலை 11 மணிக்கு வருகிறவர் அப்படிக் கேட்கலாம். விடிகாலை 2 மணிக்கு வருகிறவர் அதைக் கேட்டால், முந்தைய இரவு முழுக்க அந்த ரூமை யாருக்கும் கொடுக்காமல் சும்மா வைத்திரு என்று சொல்வது போலாகிறது. ரூமைக் காலியாக வைத்திருக்கும் இரவும் அவர்களுக்கு விற்ற இரவுதான். அதனால் நேரடியாக, கூடுதல் இரவுக்குப் பணம் தருவதாகச் சொல்லிக் கேளுங்கள். கேள்வி உடனே எளிமையாகிவிடும்: அன்று ரூம் இருக்கிறதா, இல்லையா.

இங்கே புக்கிங் தளத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இருக்கிற புக்கிங்கில் தேதியை மாற்றினால், சில தளங்கள் எல்லா இரவுகளுக்கும் இன்றைய விலையைப் போட்டுவிடும். நீங்கள் ரொம்ப முன்னாலேயே குறைந்த விலையில் போட்டிருந்தால் அது இழப்பு. மாற்றத்தை உறுதி செய்யும் முன் புதிய மொத்தத் தொகையைத் திரையில் காட்டும், அதைப் பழைய தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகமாகத் தெரிந்தால் வேறு வழி உண்டு. பழைய புக்கிங்கை அப்படியே விட்டுவிட்டு, 14-ஆம் தேதி ஒரு இரவுக்கு மட்டும் தனியாக இன்னொரு புக்கிங் போடலாம். அப்படிச் செய்தால் இரண்டும் ஒரே ஆளுடையவை, ஒரே ரூமில் தொடரட்டும் என்று விடுதிக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் அது இரண்டு வெவ்வேறு விருந்தினர். 15 காலை 11 மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொல்லி, பிற்பகலில் வேறு ரூம் கொடுப்பார்கள். சில மணி நேரமே தூங்கிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டி வரும்.

எந்த வழியானாலும் புதியது உறுதியாகும் முன் பழையதை ரத்து செய்யாதீர்கள். ரத்து ஆன நொடியில் அந்த ரூம் தளத்தில் எல்லோருக்கும் தெரியும், நீங்கள் திரும்பப் போடுவதற்குள் போய்விடலாம்.

ஆள் எண்ணிக்கையை 'வந்து சொல்லிக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். ஒருவர் என்று போட்டால் சில இடங்களில் ஒற்றைக் கட்டில் ரூம்தான் ஒதுக்கியிருப்பார்கள். தங்குகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பதிவு செய்வது பல நாடுகளில் விடுதியின் சட்டக் கடமை. பெயர் இல்லாத இரண்டாவது ஆள் விடிகாலையில் வந்து நின்றால் காவலாளி தன் பொறுப்பில் உள்ளே விடத் தயங்குவார், அதில் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. கூடுதல் ஆளுக்குக் கட்டணம் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தேவைகளைச் சொல்லும்போது, இல்லாவிட்டால் தங்கவே முடியாது என்பதையும், கிடைத்தால் நல்லது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். படியேறாத ரூம் உங்களுக்கு அவசியம். தனித்தனிக் கட்டில், ஜன்னல், அமைதியான பக்கம் எல்லாம் இரண்டாவது வகை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால், ரூம் ஒதுக்குபவர் தன்னால் முடிந்த ஒன்றிரண்டைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். அந்த ஒன்றிரண்டில் தரைத்தளம் இல்லாமல் போகலாம். காரணத்தையும் ஒரு சொல்லில் சேருங்கள். 'தரைத்தளம் வேண்டும்' என்பது விருப்பம் போலத் தெரியும். 'அம்மாவால் படி ஏற முடியாது, அதனால் தரைத்தளம் வேண்டும்' என்றால் அதன் எடை வேறு. இன்னொன்று: தரைத்தளம் என்று சொல்லும் ரூமுக்கே வாசலில் நான்கைந்து படி இருக்கும் வீடுகள் நிறைய. அதனால் தளத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேளுங்கள். லிப்ட் உண்டு என்றால், இரவிலும் ஓடுமா என்றும் கேளுங்கள்.

புக்கிங் போடும்போது வரும் 'சிறப்புக் கோரிக்கை' கட்டத்தில் இதையெல்லாம் எழுதியிருந்தாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். அங்கே எழுதுவது உறுதி அல்ல என்று தளங்களே குறிப்பிடுகின்றன.

நான் எழுதினால் செய்தி இப்படி இருக்கும். வேறு மொழியில் அனுப்புவதானாலும் இதே வரிசையை விடாதீர்கள்.

> புக்கிங் எண் (உங்கள் எண்) – 14 அக்டோபர் இரவும் ரூம் தேவை, விடிகாலை வருகை
>
> வணக்கம். என் பெயரில் அக்டோபர் 15 முதல் 17 வரை ஒரு ரூம் புக் ஆகியிருக்கிறது. தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் நான் தவறாகப் போட்டுவிட்டேன். சரியான விவரம்:
>
> வருகை: அக்டோபர் 14 இரவு, அதாவது 15 விடிகாலை, உங்கள் ஊர் நேரப்படி 2:00 முதல் 2:45-க்குள். (விமான எண் …, இறங்கும் நேரம் 00:40)
> கிளம்புவது: அக்டோபர் 17 காலை. மொத்தம் 3 இரவு.
> ஆட்கள்: 2 பேர், நானும் என் அம்மாவும்.
>
> அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது. அதனால் தரைத்தள ரூம் அல்லது லிப்ட் அவசியம். தனித்தனிக் கட்டில் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
>
> தயவுசெய்து இந்த நான்குக்கும் பதில் சொல்லுங்கள்:
> 1. 14-ஆம் தேதி இரவுக்கு ரூம் இருக்கிறதா? அந்த இரவுக்கும் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துக் கூடுதலாக எவ்வளவு?
> 2. தெருவிலிருந்து ரூம் வரை எத்தனை படி?
> 3. அந்த நேரத்தில் கதவை யார் திறப்பார்கள், அல்லது சாவியை எப்படி எடுப்பது?
> 4. இரவு 10 மணிக்கு மேல் எடுக்கப்படும் போன் எண் எது?
>
> உங்கள் பதில் வந்த பிறகு கூடுதல் இரவைத் தளத்திலேயே போட்டுவிடுகிறேன். அதுவரை இப்போதைய புக்கிங் அப்படியே இருக்கட்டும். நன்றி.
> (பெயர், நாட்டுக் குறியீட்டோடு போன் எண்)

தவறு யாருடையது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நகர்ந்திருக்கிறேன், பாருங்கள். அது போதும். உங்கள் தவறு என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அவர்கள் தங்கள் பக்கம் பிழை உண்டா என்று தேட மாட்டார்கள், உதவுவதைப் பற்றி யோசிப்பார்கள். தவறு அவர்களுடையது என்றால், உதாரணமாக உறுதிச் சீட்டில் 2 பேர் என்று இருந்தும் ஒற்றை ரூம் ஒதுக்கியிருந்தால், அந்த வாக்கியத்துக்குப் பதிலாக உறுதிச் சீட்டின் படத்தை இணைத்து 'இதில் இப்படி இருக்கிறது' என்று மட்டும் எழுதுங்கள்.

இதைத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே அனுப்புங்கள். நாளை ஏதாவது தகராறு என்றால் தளத்தின் உதவிப் பிரிவு பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். ஒரு நாளில் பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள். காலையில் காலி செய்கிறவர்கள் கூட்டம், பிற்பகலில் வருகிறவர்கள் கூட்டம் இருக்கும். நடுவே, நண்பகலை ஒட்டிப் பேசினால் நின்று கேட்பார்கள். போனில் பேசி முடித்ததும் 'இப்போது போனில் பேசியபடி' என்று தொடங்கி, பேசியதைப் பெட்டியில் இரண்டு வரியாகப் போட்டுவிடுங்கள்.

வருகிற பதிலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 'குறித்துக்கொண்டோம்', 'பிரச்சினை இல்லை', 'காத்திருக்கிறோம்' எதுவும் உறுதி ஆகாது. 14-ஆம் தேதி என்ற எண் அவர்கள் கையால் எழுதப்பட்டிருக்கிறதா, கதவைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, இந்த இரண்டையும் தேடுங்கள். இல்லாவிட்டால் உடனே கேளுங்கள்: '14-ஆம் தேதி இரவு ரூம் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா? விடிகாலை 2 மணிக்குக் கதவை யார் திறப்பார்கள்?' இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். உறுதியானதும் தளத்தில் உங்கள் புக்கிங் பக்கத்தைத் திறந்து, 14 என்று மாறியிருக்கிறதா அல்லது புதிய புக்கிங் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். செய்தியில் ஒப்புக்கொண்டும் கணக்கில் மாறாமல் இருந்தால், ராத்திரி வேலைக்கு வருகிறவர் நம்புவது கணக்கைத்தான்.

ஆள் இருக்க மாட்டார், சாவிப் பெட்டியில் சாவி இருக்கும் என்று பதில் வரலாம். சின்ன இடங்களில் இப்போது இது நிறைய நடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று பகலில் எடுத்த படம் அனுப்ப முடியுமா? குறியீட்டு எண் எப்போது வரும்? வெளி கேட்டுக்குத் தனிப் பூட்டு இருக்கிறதா? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சாவிப் பெட்டி வராந்தாவில் இருக்கும், வராந்தாவுக்குப் போகும் கேட் பூட்டியிருக்கும். எண்ணும் படமும் வந்ததும் போனில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் இணையம் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. முகவரியையும் அந்த ஊர் எழுத்தில் ஒரு படமாக வைத்திருந்தால் வண்டி ஓட்டுகிறவரிடம் காட்டலாம்.

நான்காவது கேள்வியை ஏன் சேர்த்தேன் என்றால், உறுதிச் சீட்டில் இருப்பது பெரும்பாலும் ரிசப்ஷன் மேசையில் இருக்கும் போன். ராத்திரியில் அது காலி அறையில் அடித்துக்கொண்டிருக்கும். உரிமையாளரோ காவலாளியோ கையில் வைத்திருக்கும் எண் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இப்படிச் செய்திகள் போய்வரும் சமயத்தில், 'கார்டைச் சரிபார்க்க இந்த இணைப்பை அழுத்துங்கள், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புக்கிங் ரத்தாகும்' என்று ஒரு செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். விடுதியின் கணக்கையே களவாடி, தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளிருந்தே இப்படி அனுப்பும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. உங்கள் பெயரும் தேதியும் அதில் சரியாகவே இருக்கும். விடுதிக்குப் போன் செய்து கேளுங்கள். கார்டு எண்ணையும் பாஸ்போர்ட் படத்தையும் செய்தியில் அனுப்பாதீர்கள். கூடுதல் இரவுக்கான பணத்தைத் தளத்திலோ நேரில் போயோ கட்டலாம்.

கிளம்பும் முந்தின நாள் பகலில் அந்த ஒற்றை வரியை மறுபடி அனுப்புங்கள்: 'நாளை 14 இரவு, 15 விடிகாலை 2:00–2:45, 2 பேர், தரைத்தளம்.' வேலை முறை மாறி வேறொருவர் வந்திருந்தாலும் இது அவர் கண்ணில் படும். விமானம் இறங்கியதும் 'இறங்கிவிட்டோம்', வண்டியில் ஏறியதும் 'இன்னும் அரை மணியில் வாசலில் இருப்போம்' என்று அந்த இரவு எண்ணுக்கு அனுப்புங்கள். தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து விளக்குப் போட அந்த அரை மணி தேவைப்படும்.

14-ஆம் தேதி ரூமே இல்லை என்று சொல்லிவிட்டால் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டி, ராத்திரி முழுக்க ரிசப்ஷன் திறந்திருக்கும் ஒரு விடுதியில் அந்த ஓர் இரவுக்கு மட்டும் ரூம் பாருங்கள். அங்கேயும் 14 என்றே தேதி போட வேண்டும், இரண்டு பேர் என்றும் போட வேண்டும், விடிகாலை வருகிறோம் என்றும் சொல்லிவிட வேண்டும். அம்மா அலையாமல் சீக்கிரம் படுக்கலாம். கெஸ்ட் ஹவுஸுக்கு 15 பிற்பகல் போய்க்கொள்ளலாம், புக்கிங்கில் ஆள் எண்ணிக்கையையும் தரைத்தளத்தையும் மட்டும் சரிசெய்தால் போதும். முந்தைய இடத்தைக் காலையில் காலி செய்துவிட்டு வருவீர்கள் என்பதால், பிற்பகல் வரை பெட்டியை வைத்துக்கொள்வார்களா, அம்மா உட்கார இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

தரைத்தளமே கிடையாது, லிப்டும் இல்லை என்று பதில் வந்தால் மட்டும் அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் சரி. அப்போது உங்கள் புக்கிங்கின் ரத்து விதியைப் பாருங்கள். இலவசமாக ரத்து செய்யும் கெடு பொதுவாக விடுதி இருக்கும் ஊரின் நேரப்படிதான் எண்ணப்படும், உங்கள் ஊர் நேரப்படி அல்ல. பணம் திரும்ப வராத வகை புக்கிங் என்றால், ரத்து பொத்தானை அழுத்தும் முன் விடுதியிடம் எழுதிக் கேளுங்கள்: 'அம்மாவால் படி ஏற முடியாது, கட்டணம் இல்லாமல் ரத்து செய்ய ஒப்புக்கொள்வீர்களா?' அவர்கள் ஒப்புக்கொண்டால் தளம் வழியாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியும். அழுத்திவிட்டுப் பிறகு கேட்டால், விதிப்படி எடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். வந்து சேரும் தேதிக்கு எவ்வளவு முன்னால் கேட்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்த ரூமை அவர்களால் வேறு ஆளுக்குக் கொடுக்க முடியும், அதனால் இதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.